போட்டோவில் வந்த லேப் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு: எண் திருத்தப்பட்டதா என்று அறிகுறி வாரியாகப் பார்ப்பது எப்படி

மருந்துக்கடை கவுன்டர், காப்பீட்டு க்ளெய்ம் மேசை, அலுவலகத்தில் மருத்துவச் செலவைத் திருப்பித் தரும் பிரிவு, சிகிச்சைக்கு நிதி தரும் அறக்கட்டளை ஆகிய இடங்களுக்கு இப்போது காகிதத்தைவிட வாட்ஸ்அப் போட்டோதான் அதிகம் வருகிறது. சந்தேகம் வந்ததும் பலர் போட்டோவைப் பெரிதாக்கி, எழுத்தின் விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று தேடத் தொடங்குகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. ஒரு எண்ணை மாற்றுகிறவர், அதோடு கணக்கால் பிணைந்த மற்ற எண்களை அப்படியே விட்டுவிடுகிறார். அவை பிணைந்திருப்பதே பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. அதனால் முதலில் கால்குலேட்டர், பிறகு கண், அதன் பிறகே மென்பொருள்.

தொடங்கும் முன்: கையில் இருப்பது எந்தப் பிரதி?

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய போட்டோவில், எந்தப் போனில் எப்போது எடுத்தது என்ற உள்விவரம் நீக்கப்பட்டிருக்கும். படமும் சுருக்கப்பட்டிருக்கும். போன் கேமராவில் சில எம்பி இருந்த படம் நம்மிடம் வந்து சேரும்போது சில நூறு கேபிதான் இருக்கும். கோப்பின் பெயர் `IMG-20240512-WA0003.jpg` என்ற வடிவில் இருந்தால் அது வாட்ஸ்அப் வழியாக வந்தது. அந்தப் பெயரில் உள்ள தேதி, படம் எடுத்த தேதி அல்ல.

ஆகவே முதல் வேலை, நல்ல பிரதி கேட்பது. கேட்கும்போது மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்ப வேண்டும். ஸ்கேன் செய்யும் ஆப் வேண்டாம், சாதாரண கேமராவில் கலரில் எடுக்க வேண்டும். தாளின் நான்கு மூலைகளும் தெரிய வேண்டும். ஸ்கேன் ஆப்கள் தாளின் பின்னணியை ஒரே வெள்ளையாக்கி, மையை ஒரே கறுப்பாக்கிவிடும். நாம் தேடும் வித்தியாசம் அதிலேயே அழிந்துபோகும். லேப் நேரடியாக அனுப்பிய பிடிஎஃப் நோயாளியின் போனிலேயே இருக்கலாம். இருந்தால் அதைக் கேளுங்கள். பிடிஎஃப் வைத்திருப்பவர் அதை பிரிண்ட் எடுத்து, அதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார் என்றால் ஏன் என்று கேட்பது நியாயமே.

முதலில் வந்த கோப்பை எதுவும் செய்யாமல் தனியாக வைத்துவிட்டு, அதன் நகலில் வேலை செய்யுங்கள்.

அறிகுறி 1: ஒரு மதிப்பு மட்டும் மற்றவற்றோடு ஒட்டவில்லை

லேப் ரிப்போர்ட்டில் அதிகப் பலன் தரும் சோதனை இதுதான். ஒரு மாதிரி ரிப்போர்ட்டையே எடுத்துக்கொள்வோம். டெங்கு காய்ச்சலுக்கு உள்நோயாளியாகச் சேர்ந்ததாக ஒரு க்ளெய்ம் வருகிறது. கூடவே ரத்த அணுக்கள் பரிசோதனை, அதாவது சிபிசி ரிப்போர்ட்டின் போட்டோ. அதில் இருப்பவை:

- ஹீமோகுளோபின் 13.8
- ஆர்பிசி 4.85
- பிசிவி 41.4
- எம்சிவி 85.4
- எம்சிஎச் 28.5
- எம்சிஎச்சி 33.3
- பிளேட்லெட் 20,000
- எம்பிவி 10.5
- பிசிடி 0.126

சிவப்பணுக்கள் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பிசிவியை ஆர்பிசியால் வகுத்து 10ஆல் பெருக்கினால் எம்சிவி வரவேண்டும்: 41.4 ÷ 4.85 × 10 = 85.4. சரி. ஹீமோகுளோபினை ஆர்பிசியால் வகுத்து 10ஆல் பெருக்கினால் எம்சிஎச்: 28.5. அதுவும் சரி. ஹீமோகுளோபினை பிசிவியால் வகுத்து 100ஆல் பெருக்கினால் எம்சிஎச்சி: 33.3. மூன்றும் பொருந்துவதால் ஹீமோகுளோபின் வரிசையில் கை வைக்கப்படவில்லை என்று சொல்லலாம். ஒருவேளை யாராவது 13.8ஐ 8.8 ஆக்கியிருந்தால் எம்சிஎச் 18.1 என்றும் எம்சிஎச்சி 21.3 என்றும் வந்திருக்க வேண்டும். 28.5ம் 33.3ம் அப்படியே நின்று காட்டிக் கொடுத்திருக்கும்.

இப்போது பிளேட்லெட். பிசிடி என்பது ரத்தத்தின் கன அளவில் பிளேட்லெட்டுகள் எத்தனை சதவீதம் என்பது. எம்பிவி என்பது ஒரு பிளேட்லெட்டின் சராசரிக் கன அளவு. ஆயிரக் கணக்கில் எழுதிய பிளேட்லெட் எண்ணிக்கையை எம்பிவியால் பெருக்கி 10,000ஆல் வகுத்தால் பிசிடி கிடைக்கும். ரிப்போர்ட்டில் உள்ளபடி 20 × 10.5 ÷ 10,000 = 0.021. அச்சில் இருப்பதோ 0.126. ஆறு மடங்கு வித்தியாசம். இதையே திருப்பிப் போடுங்கள்: 0.126 × 10,000 ÷ 10.5 = 120. ஆக, இயந்திரம் எண்ணியது 1,20,000. முன்னால் இருந்த ஒன்றும் கமாவும் போனால் 20,000. எது மாறியது என்பதோடு எதிலிருந்து மாறியது என்பதும் கிடைத்துவிட்டது.

இதே ரிப்போர்ட்டில் இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியர் பற்றிய குறிப்பு கீழே இருந்தால், அதில் பிளேட்லெட் 'லேசாகக் குறைவு' அல்லது 'போதுமான அளவு' என்று எழுதியிருக்கிறதா? 20,000 உள்ள ரத்தத்துக்கு நோய்க்குறியியல் மருத்துவர் அப்படி எழுதமாட்டார். அடுத்து, பிளேட்லெட் மிகவும் குறைந்திருக்கும்போது பல இயந்திரங்கள் எம்பிவி, பிசிடி இரண்டையும் கணிக்க முடியாமல் கோடு போட்டுவிடும். 20,000க்குப் பக்கத்தில் இரண்டும் அழகாக அச்சாகியிருப்பதே கவனிக்க வேண்டிய விஷயம். இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. டெங்குவில் தினமும் பிளேட்லெட் பார்ப்பார்கள் என்பதால் முந்தைய நாள், அடுத்த நாள் ரிப்போர்ட்டுகளும் இருந்தாக வேண்டும். நேற்று 1,34,000, இன்று 20,000, நாளை 1,28,000, இடையில் பிளேட்லெட் ஏற்றிய பதிவும் இல்லை என்றால் அந்த நடு எண்ணை நம்ப இடமில்லை.

கணக்கு பொருந்தாத ஒவ்வொரு ரிப்போர்ட்டும் மோசடி ஆகிவிடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தவறாகச் சந்தேகிக்கப்படுபவர் காய்ச்சலில் கிடக்கும் ஒருவராக இருக்கலாம். ரத்தம் எடுத்த குழாயில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் இயந்திரம் குறைத்து எண்ணும். மருத்துவர் ஸ்மியரில் பார்த்து எண்ணிக்கையைக் கூட்டித் திருத்துவார். பிசிடி மட்டும் இயந்திரம் கொடுத்த பழைய மதிப்பிலேயே நின்றுவிடும். சிவப்பணுக்கள் மிகச் சிறியதாக இருந்தால் இயந்திரம் அவற்றையும் பிளேட்லெட் என்று எண்ணிவிடும். அப்போது திருத்தம் கீழ்நோக்கிப் போகும். இப்படித் திருத்தும்போது பொதுவாக ஒரு குறிப்பு எழுதுவார்கள். ரத்தத்தில் கொழுப்பு அதிகமிருந்து ஹீமோகுளோபினைத் திருத்தியபோதும் இதே கதைதான். சிறிய லேப்களில் இயந்திரத்தின் துண்டுச் சீட்டைப் பார்த்து வேர்டில் கையால் தட்டுகிறார்கள். அங்கே 4.85, 4.58 ஆவது சாதாரணம். ஒரு தட்டச்சுப் பிழைக்கு திசை கிடையாது. க்ளெய்ம் கேட்பவருக்குச் சாதகமான திசையிலேயே பிழை விழுந்திருந்தால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

மற்ற ரிப்போர்ட்டுகளிலும் இதுபோன்ற பிணைப்புகள் உண்டு. எச்பிஏ1சி ரிப்போர்ட்டில் பெரும்பாலும் கீழேயே 'சராசரி குளுக்கோஸ்' அச்சாகியிருக்கும். எச்பிஏ1சியை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் அது வரும். 9.2க்கு 217. மேலே 6.2 என்று மாற்றிவிட்டு கீழே 217ஐ விட்டுவிட்டால் பொருந்தாது, 6.2க்கு 131தான் வர வேண்டும். கல்லீரல் பரிசோதனையில் மொத்த பிலிருபினிலிருந்து நேரடி பிலிருபினைக் கழித்தால் மறைமுக பிலிருபின். மொத்தப் புரதத்திலிருந்து ஆல்புமினைக் கழித்தால் குளோபுலின். வெள்ளையணுக்களின் வகைகளைக் கூட்டினால் 100. இவை நிமிடத்தில் முடிகிற சரிபார்ப்புகள்.

கொழுப்புப் பரிசோதனையில் மட்டும் நிதானம் வேண்டும். டிரைகிளிசரைடை 5ஆல் வகுத்தால் விஎல்டிஎல் என்ற கணக்கு, டிரைகிளிசரைடு 400க்கு மேல் போனால் செல்லாது. எல்டிஎல்லை நேரடியாக அளக்கும் லேப்களில், கூட்டிக் கழித்து வரும் எண்ணும் அச்சில் உள்ள எண்ணும் கொஞ்சம் வேறுபடத்தான் செய்யும்.

அறிகுறி 2: எண் சரியான இடத்தில் உட்காரவில்லை

கணக்குக்கு வழியே இல்லாத ரிப்போர்ட்டுகள் உண்டு. கிரியாட்டினின் மட்டும், டிஎஸ்எச் மட்டும் என்று வருபவை. அங்கே அச்சின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

லேப் மென்பொருள் ஒரு பத்தியில் உள்ள எல்லா எண்களையும் ஒரே பக்கமாகத்தான் அடுக்கும். இடப்பக்கம் அடுக்கிய பத்தியில் 1,20,000லிருந்து முதல் இரண்டு எழுத்துகளை அழித்தால், 20,000 இரண்டெழுத்து தள்ளி உள்ளே தொடங்கும். வலப்பக்கம் அடுக்கிய பத்தியில் அந்தத் தடயம் இருக்காது. அங்கே எண்ணின் கடைசியில் இலக்கம் சேர்த்தாலோ அழித்தாலோதான் பிடிபடும். திரையில் ஒரு ஸ்கேலை நிறுத்தி வைத்துப் பார்த்தாலே போதும். போட்டோ சாய்ந்திருந்தால் முதலில் நேராக்கிக்கொள்ளுங்கள்.

தசம இலக்கங்களையும் பாருங்கள். ஒரு லேப் கிரியாட்டினினை எப்போதும் இரண்டு இலக்கத்தில் அச்சிடும் என்றால் 0.90 என்றுதான் வரும், 0.9 என்று வராது. அதே லேப்பின் பழைய ரிப்போர்ட் ஒன்று கோப்பில் இருந்தால் ஒப்பிடுங்கள். வரம்பைத் தாண்டிய எண்ணுக்கு மென்பொருள் தானாகவே தடித்த எழுத்தோ, நட்சத்திரமோ, உயர்வு தாழ்வுக் குறியோ போடும். கிரியாட்டினின் 4.9க்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை, மற்ற வரம்பு மீறிய எண்களுக்கெல்லாம் இருக்கிறது என்றால் அந்த எண் பிறகு வந்தது. மேலே பார்த்த பிளேட்லெட் உதாரணத்தில் இந்தச் சோதனை உதவாது. 1,20,000ம் வரம்புக்குக் கீழேதான், தாழ்வுக் குறி முன்பே இருந்திருக்கும்.

பிறகு படத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, அதே பக்கத்தில் உள்ள அதே இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். சந்தேகத்துக்குரிய 2ஐ, தேதியில் உள்ள 2உடனோ சாம்பிள் எண்ணில் உள்ள 2உடனோ வைத்துப் பார்க்க வேண்டாம், அவை வேறு அளவில் இருக்கும். அதே பத்தியில் உள்ள 2உடன் வையுங்கள். உயரம், கோட்டின் தடிமன், விளிம்பின் மங்கல் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். போட்டோ முழுவதும் லேசாக மங்கியிருக்க, ஒரு எண் மட்டும் கத்தி போல் கூர்மையாக இருந்தால் அது போட்டோ எடுத்த பிறகு சேர்க்கப்பட்டது. ஆனால் பக்கத்து எண்ணையே நகலெடுத்து ஒட்டியிருந்தால் இந்த மூன்றும் ஒத்துப்போகும். அப்போது அந்த இரண்டு எண்களும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருக்கும். உண்மையான போட்டோவில் இரண்டு இலக்கங்கள் அப்படி ஒன்றாக அமைவதில்லை.

6, 8 இரண்டிலும் அவசரப்படாதீர்கள். மங்கிய படத்தைப் போன் கூர்மையாக்கும்போது 6இன் வாய் மூடி 8 போலத் தெரியலாம். ஆள் யாரும் திருத்தாமலே எண் மாறிய நிகழ்வும் உண்டு. 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர் நகல் இயந்திரங்கள் 6ஐ 8 ஆக மாற்றுவதைக் கண்டுபிடித்தார். ஒரே மாதிரி தோன்றும் எழுத்துகளை ஒன்றாகவே சேமித்து இடத்தை மிச்சப்படுத்தும் ஜேபிக்2 சுருக்க முறைதான் காரணம். மாறிய எண் மங்கலே இல்லாமல் அச்சடித்தது போல இருந்தது. எனவே ஸ்கேன் செய்த நகலில் ஒரு எண் முரண்பட்டால், ஸ்கேன் செய்யாத தாளைப் பார்க்காமல் பேச வேண்டாம்.

அறிகுறி 3: எண்கள் பொருந்துகின்றன, ஆள் பொருந்தவில்லை

வேறொருவரின் ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றினால் எந்தக் கணக்கும் தப்பாது. அப்போது இயல்பு வரம்புப் பத்தியைப் படியுங்கள். ஹீமோகுளோபினுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. பெயர் ஆணுடையது, வரம்பு 12 முதல் 15 வரை என்று பெண்களுக்கானது என்றால் மென்பொருளில் பதிவான ஆள் வேறு. சிறுநீரக வடிகட்டும் திறனான இஜிஎஃப்ஆர், வயதையும் பாலினத்தையும் வைத்துக் கணிக்கப்படுவது. ஒரே கிரியாட்டினின் 30 வயதுக்காரருக்கும் 65 வயதுக்காரருக்கும் ஒரே இஜிஎஃப்ஆர் தராது.

நேரங்களையும் பாருங்கள். சாம்பிள் எடுத்தது, லேப்புக்கு வந்தது, ரிப்போர்ட் வெளியானது என்ற வரிசை தலைகீழாக இருக்க முடியாது. கிருமி வளர்ப்புப் பரிசோதனையும் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்ற முடிவும் சாம்பிள் எடுத்த அன்றே வந்ததாக இருந்தால், தேதியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். கிருமி வளரவே ஒரு நாளாவது வேண்டும்.

அறிகுறி 4: மருந்துச் சீட்டில் எண்ணின் மேல் எண்

கையெழுத்துச் சீட்டில் திருத்துவதற்கு எளிதான இடங்கள் மூன்று: எத்தனை நாள், எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி. 1 என்பது 4, 7, 9 ஆகும். 0 என்பது 6, 8, 9 ஆகும். 3 என்பது 8 ஆகும். 5க்கு முன்னால் ஒரு கோடு போட்டால் 15. இலக்கத்தை மாற்றுவதைவிடக் கூடுதலாக ஒரு இலக்கம் சேர்ப்பது எளிது, கண்டுபிடிப்பதும் கடினம்.

அல்பிரசோலம் 0.25, 0-0-1, பெருக்கல் குறி, 15 நாள் என்று ஒரு சீட்டு வருவதாக வைத்துக்கொள்வோம். இங்கும் முதலில் கணக்கு. அதே சீட்டில் மற்ற மருந்துகள் எல்லாம் 5 நாளுக்கு. அடியில் '5 நாள் கழித்து வரவும்' என்று இருக்கிறது. தூக்க மாத்திரை மட்டும் 15 நாளுக்கு எழுதக் காரணம் இருக்கலாம், ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் அது. மொத்த எண்ணிக்கை எழுதியிருந்தால் இன்னும் சுலபம். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65ஆம் விதி, சீட்டில் மருத்துவரின் கையொப்பம், தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு, சாப்பிடும் அளவு எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் மொத்த அளவைப் பலர் எழுதுவதில்லை. எழுதியிருந்தால் வேளை × நாள் = மொத்தம் என்று பொருந்த வேண்டும்.

அடுத்து இடைவெளி. பெருக்கல் குறிக்கும் எண்ணுக்கும் நடுவே அந்த மருத்துவர் மற்ற வரிகளில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்? மற்ற மூன்று வரிகளிலும் ஒரு எழுத்து அகலம் இருக்க, இந்த வரியில் 1 குறியோடு இடித்துக்கொண்டு நின்றால் அது பின்னால் நுழைந்தது. எழுதும் வேகமும் தெரியும். மருத்துவர் வேகமாக எழுதிய கோடு தொடக்கத்திலும் முடிவிலும் மெலிந்து ஓடும். கவனமாகச் சேர்த்த கோடு இரு முனையிலும் மழுங்கி, ஒரே தடிமனில் நிற்கும்.

மேலே எழுதிய இலக்கத்தில் கோடுகள் குறுக்கிடும் இடம் கறுத்திருக்கும், ஒரு பக்கத்தில் இரட்டைக் கோடு தெரியும். மை வேறு என்ற சந்தேகம் வந்தால் வண்ணங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் `Colors → Components → Decompose`. அல்லது கட்டளை வரியில் இயங்கும் இமேஜ்மேஜிக்கில்:

```
magick cheettu.jpg -channel R -separate red.png
magick cheettu.jpg -channel B -separate blue.png
```

கண்ணுக்கு ஒரே நீலமாகத் தெரியும் இரண்டு பேனாக்கள் சிவப்புப் படத்தில் வேறு வேறு அழுத்தத்தில் தெரியலாம். 15இல் 5 கறுப்பாகவும் 1 சாம்பலாகவும் வந்தால் இரண்டு பேனா. ஒரே அழுத்தத்தில் வந்தால் ஒரே பேனா என்று முடிவுகட்ட முடியாது. வாட்ஸ்அப் சுருக்கிய படத்தில் நிறத் தகவல்தான் அதிகம் இழக்கப்படுகிறது. இந்தச் சோதனைக்கு டாக்குமென்டாக வந்த பிரதி கட்டாயம் வேண்டும்.

இந்த இடத்தில் நாங்கள் பரிந்துரைப்பது, படத்தோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு வேறு இரண்டு படங்கள் கேட்பதுதான். ஒன்று, சீட்டை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்து, வெளிச்சம் பின்னாலிருந்து வர எடுத்த படம். ஒயிட்னர் பூசிய இடம் அதில் கறுத்த திட்டாகத் தெரியும். பிளேடால் சுரண்டிய இடம் மெலிந்து, சுற்றிலும் உள்ளதைவிட வெளிச்சமாகத் தெரியும். இரண்டு, சீட்டை மேசையில் கவிழ்த்து வைத்து, போன் டார்ச்சைத் தாளோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டிலிருந்து அடித்து எடுத்த பின்பக்கப் படம். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் புடைப்பாக நிற்கும். மருத்துவர் எழுதியபோது கீழே பேடு இருந்திருந்தால் மற்ற எழுத்துகள் புடைத்திருக்கும். கெட்டியான மேசையில் வைத்துச் சேர்த்த இலக்கம் புடைக்காது.

மேலெழுத்து இருப்பதாலேயே குற்றம் இல்லை. மருத்துவரே மனம் மாறி 3ஐ 5 ஆக்கியிருப்பார். கவனமானவர் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதிச் சுருக்கொப்பம் இடுவார், அவசரத்தில் எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. கவுன்டரில் இதை இப்படிக் கேட்டால் போதும்: "அண்ணா, இந்த நாள் கணக்கு எங்களுக்குத் தெளிவா இல்ல. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தர்றோம்." திருத்தாதவர் காத்திருப்பார், அல்லது அவரே டாக்டரை அழைத்துக் கொடுப்பார்.

அல்பிரசோலம் எச்1 அட்டவணை மருந்து. விற்றால் மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். இந்த வகை மருந்தைப் போட்டோவை மட்டும் பார்த்துக் கொடுக்காதீர்கள். அசல் தாளில் முன்பு கொடுத்த கடையின் முத்திரையும் தேதியும் இருக்கலாம். போட்டோவில் அந்த மூலை வெட்டப்பட்டிருந்தால் உங்களுக்குத் தெரியாது. நான்கு மூலையும் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறிகுறி 5: தலைப்பு தாளோடு சேரவில்லை

ஒரு லேப்பின் பெயர்ப்பட்டையை வேறொரு ரிப்போர்ட்டின் மேல் வைப்பது இரண்டு விதமாக நடக்கிறது. காகிதத்தில் வெட்டி ஒட்டி ஜெராக்ஸ் எடுத்துப் பிறகு போட்டோ எடுப்பது ஒன்று. போட்டோவிலேயே ஒட்டுவது மற்றொன்று.

போட்டோவில் ஒட்டியதென்றால் தாளின் நிழல் காட்டிக் கொடுக்கும். கையில் பிடித்து எடுத்த படத்தில் தாளின் ஒரு ஓரம் வெளிச்சமாகவும் மறு ஓரம் மங்கலாகவும் படிப்படியாக மாறும். அந்த மாற்றத்தை மட்டும் தூக்கிக்காட்ட:

```
magick report.jpg -level 60%,100% paper.png
```

எழுத்துகள் கறுத்துப்போய், தாளின் நிறமாற்றம் தெளிவாகும். தலைப்பு இருக்கும் இடம் மட்டும் தட்டையான வெள்ளைச் செவ்வகமாக நின்றால் அது வேறெங்கிருந்தோ வந்தது. எண்ணைச் சுற்றி ஒட்டுப் போட்டிருந்தாலும் இதிலேயே தெரியும். ஸ்கேன் ஆப்பில் எடுத்த படத்தில் எல்லா இடமும் தட்டை வெள்ளையாக இருப்பதால் இது பலன் தராது.

மடிப்பையும் பாருங்கள். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்த தாளில் மடிப்புக் கோடு தலைப்பின் எழுத்துகளையும் வெட்டிக்கொண்டு போக வேண்டும். அட்டவணை வரை வந்த மடிப்பு, லோகோவுக்கு அருகே மாயமாக மறைந்தால் லோகோ பின்னால் வந்தது. படம் சாய்வாக எடுத்திருந்தால் தலைப்பின் அடிக்கோட்டையும் அட்டவணையின் கோடுகளையும் நீட்டிப் பாருங்கள். காகிதத்தில் இணையான கோடுகள் படத்தில் எல்லாம் ஒரே புள்ளியை நோக்கிப் போகும். தலைப்பின் கோடு மட்டும் படத்தின் மேல் விளிம்புக்கு இணையாக நேராக நிற்கக் கூடாது.

காகிதத்தில் வெட்டி ஒட்டியிருந்தால் இவை எதுவும் உதவாது. மடிப்பும் நிழலும் எல்லாம் ஒரே தாளில் விழுந்தவை. அங்கே தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் உள்ள முரணைத் தேடுங்கள். பக்க எண் '1/3' என்று இருக்க ஒரே பக்கம் வந்திருக்கிறதா? தலைப்பில் மதுரை என்று இருந்தால் அஞ்சல் எண் 625இல் தொடங்க வேண்டும், தரைவழித் தொலைபேசி 0452இல் தொடங்கி அதன் பின் ஏழு இலக்கம் வர வேண்டும். லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் முத்திரை இருந்தால் அதன் கீழே மருத்துவ லேப்களுக்குரிய `MC-` என்று தொடங்கும் சான்றிதழ் எண் இருக்கும். அதை என்ஏபிஎல் தளத்தில் தேடினால் லேப்பின் பெயரும், எந்தெந்தப் பரிசோதனைகளுக்கு அங்கீகாரம் என்பதும் வரும். தலைப்பை ஒட்டுபவர்கள் முத்திரையையும் சேர்த்தே ஒட்டுவார்கள், எண் வேறு லேப்பைக் காட்டும்போது மாட்டிக்கொள்வார்கள். மருந்துச் சீட்டென்றால் மருத்துவரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தளத்திலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ தேடி, பெயரும் படிப்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

க்யூஆர் குறியீடு இருந்தால் ஸ்கேன் செய்து, திறக்கும் முன் முகவரியைப் படியுங்கள். லேப்பின் சொந்தத் தளமா என்பதை நீங்களே தனியாகத் தேடித் தெரிந்துகொள்ளுங்கள். தலைப்பை ஒட்டத் தெரிந்தவருக்கு க்யூஆரை ஒட்டவும் தெரியும். சில லேப்களின் க்யூஆரில் சாம்பிள் எண் மட்டுமே இருக்கும். அப்போது அந்த எண்ணும் அச்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்தால் போதும்.

கோப்பின் உள்விவரம் எவ்வளவு உதவும்

டாக்குமென்டாக வந்த படத்துக்கு மட்டும், உள்விவரத்தைப் படிக்கும் எக்சிஃப்டூலில்:

```
exiftool -a -G1 -s report.jpg
```

`DateTimeOriginal` படம் எடுத்த நேரம். `ModifyDate` அதற்குப் பின்னால் இருந்தால் ஏதோ மாறியிருக்கிறது. கேலரியில் திருப்பி வைத்தாலோ ஓரத்தை வெட்டினாலோகூட அப்படி வரலாம். `Software` என்ற வரியைப் பார்த்ததும் எடிட் செய்யப்பட்டது என்று முடிவு செய்யாதீர்கள். பல போன்கள் தங்கள் இயங்குதளப் பதிப்பை அங்கே எழுதும். அங்கே படத்தைத் திருத்தும் ஆப்பின் பெயரே இருந்தால் அது கேட்க வேண்டிய கேள்வி. உள்விவரம் ஒன்றுமே இல்லை என்றால் அதற்கு ஒரு பொருளும் இல்லை.

படத்தைப் பதிவேற்றினால் திருத்திய இடத்தை ஒளிரச் செய்து காட்டும் இணையதளங்களை விட்டுவிடுங்கள். அவை பயன்படுத்தும் பிழையளவுச் சோதனை, வாட்ஸ்அப்பில் சுருங்கிய படத்தில் எல்லா எழுத்தையும் ஒளிரச் செய்யும். அதோடு ஒரு நோயாளியின் பெயரும் நோயும் தெரியாத சர்வருக்குப் போகும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது வெறும் நாகரிகப் பிரச்சினையும் அல்ல.

லேப்பிடம் உறுதி செய்வது

மேலே சொன்ன எதுவும் தீர்ப்பு அல்ல. எண்ணைத் தந்தவர் சொல்வதே முடிவு. ரிப்போர்ட்டின் தலைப்பில் உள்ள போன் எண்ணுக்கு அழைக்காதீர்கள், தலைப்பு போலி என்றால் எண்ணும் போலி. லேப்பின் தளத்திலிருந்தோ பழைய, சந்தேகமில்லாத ரிப்போர்ட்டிலிருந்தோ எண்ணை எடுங்கள்.

முடிவு என்ன என்று கேட்டால் லேப் சொல்லாது, சொல்லவும் கூடாது. நோயாளியின் எழுத்து ஒப்புதலை மின்னஞ்சலில் இணைத்து, சாம்பிள் எண், தேதி, சந்தேகத்துக்குரிய ஒரே ஒரு வரி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, "எங்களிடம் உள்ள நகலில் பிளேட்லெட் 20,000 என்று இருக்கிறது. உங்கள் பதிவோடு ஒத்துப்போகிறதா?" என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி என்பதால் பதில் விரைவாக வரும். கணக்கில் கிடைத்த 1,20,000ஐ நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். லேப் தன் பதிவைப் பார்த்து அந்த எண்ணைத் தானாகச் சொன்னால்தான் அதற்கு மதிப்பு.